சொன்னது யார்? எழுதியவரா, ஊரா?

ஐஇஎல்டிஎஸ் ரீடிங் தேர்வைப் பற்றி வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்: யெஸ், நோ, நாட் கிவன். ஆகவே இந்த இதழ் முழுவதும் அதற்கே.

ட்ரூ, ஃபால்ஸ் என்று ஒரு கேள்வி. யெஸ், நோ என்று இன்னொரு கேள்வி. இரண்டும் ஒன்றுதானே? எதற்குப் பெயரை மாற்றி நம்மைக் குழப்புகிறார்கள்?
*— பட்டதாரி வாசகர், மதுரை*

குழப்புவதற்காக மாற்றவில்லை, எச்சரிப்பதற்காக மாற்றியிருக்கிறார்கள். ட்ரூ, ஃபால்ஸ் வந்தால் பத்தியில் உள்ள தகவலோடு வாக்கியம் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். யெஸ், நோ வந்தால் எழுதியவரின் கருத்தோடு பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். முன்னதில் தேடுவது தகவலை. பின்னதில் தேடுவது ஒரு மனிதரின் நிலைப்பாட்டை.

கேள்விக்கு மேலே உள்ள குறிப்பையே கவனியுங்கள். தகவல் கேள்வியில் நாட் கிவனுக்கு விளக்கம், இதைப் பற்றித் தகவல் எதுவும் இல்லை என்பது. கருத்துக் கேள்வியில் அதே நாட் கிவனுக்கு விளக்கம், எழுதியவர் இதைப் பற்றி என்ன நினைக்கிறார் என்று சொல்ல முடியாது என்பது. இந்த இரண்டு விளக்கத்துக்கும் நடுவில்தான் பல பேருடைய மதிப்பெண் விழுந்து கிடக்கிறது. எடுக்க ஆசைப்பட்டால் மேலே படியுங்கள்.

பயிற்சி மையத்தில் விதிகளை மட்டும் மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள். ஒரு பத்தியை எடுத்து வைத்துக்கொண்டு அக்கக்காகப் பிரித்துக் காட்டுங்களேன்.
*— செவிலியர், நாகர்கோவில்*

காட்டுகிறேன் அம்மா. தேர்வில் ஆங்கிலத்தில் வரும். நாம் தமிழிலேயே பழகுவோம். குழப்பம் மொழியில் இல்லை, தமிழிலும் இதே இடங்களில்தான் வழுக்கும். கீழே இருப்பது பயிற்சிக்காக நான் எழுதிய பத்தி. ஆண்டுகளும் நஷ்டமும் வரலாறு. வாதம் ஒரு கற்பனைக் கட்டுரையாளருடையது.

"சென்னையில் 1895-இல் ஓடத் தொடங்கிய மின்சார டிராம் 1953-இல் நிறுத்தப்பட்டது. நிறுவனம் நஷ்டத்தில் மூழ்கியதால்தான் டிராம் நின்றது என்று பலரும் எழுதுகிறார்கள். நஷ்டம் ஏற்பட்டது உண்மைதான். ஆனால் தண்டவாளம் என்றாலே பழைய காலத்துச் சமாச்சாரம் என்று நினைத்த அன்றைய மனப்போக்குக்கும் அதில் பெரிய பங்கு உண்டு. பஸ்தான் வசதி என்று ஒரு சாராரும், டிராம்தான் வசதி என்று இன்னொரு சாராரும் சொன்னார்கள். டிராம் இருந்திருந்தால் இன்று நெரிசலே இருக்காது என்று பெருமூச்சு விடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. குறுகலான தெருவில் அதுவும் மாட்டிக்கொண்டுதான் நின்றிருக்கும். ஆனாலும் ஒரு தடத்தையாவது விட்டுவைத்திருக்கலாம்."

முதலில் ஒரு வாக்கியம்: "டிராம் நின்றதற்கு நிறுவனத்தின் நஷ்டம் ஒன்றே காரணம்." யெஸ், நோ கேள்வியாக வந்தால் உங்கள் விடை என்ன? அவசரக்காரர்கள் இரண்டாவது வாக்கியத்தைப் பார்த்ததும் 'யெஸ்' என்று போட்டுவிடுவார்கள். நஷ்டம், டிராம் நின்றது, எல்லாச் சொல்லும் அங்கே அப்படியே இருக்கிறதே! ஆனால் அதைச் சொன்னவர்கள் 'பலர்'. கட்டுரையாளர் அவர்களைப் பேச விட்டுவிட்டு, 'உண்மைதான்' என்று பாதிக்கு ஒப்புக்கொண்டு, 'ஆனால்' என்று திரும்பி, மனப்போக்குக்கும் பெரிய பங்கு உண்டு என்கிறார். ஒன்றே காரணம் என்பதை அவர் ஏற்கவில்லை. விடை நோ.

அடுத்தது, "டிராம் ஓடிக்கொண்டிருந்தால் சென்னையில் இன்று நெரிசல் இருக்காது." இதுவும் பெருமூச்சுக்காரர்களின் பேச்சு. அவர்களோடு உடன்பாடில்லை என்று கட்டுரையாளர் வாய்விட்டே சொல்லிவிட்டார். நோ. இதில் சிக்கல் இல்லை.

"டிராம் சேவை முழுவதையும் நிறுத்தியிருக்க வேண்டியதில்லை." இந்த வாக்கியம் அப்படியே பத்தியில் இல்லை. ஆனால் 'ஒரு தடத்தையாவது விட்டுவைத்திருக்கலாம்' என்பவர் வேறு எதைச் சொல்கிறார்? யெஸ்.

கடைசியாக, "சென்னையில் மறுபடியும் டிராம் விட வேண்டும்." இங்கேதான் நல்ல மாணவர்களும் விழுகிறார்கள். அன்றைக்கு ஒரு தடத்தை வைத்திருக்கலாம் என்று வருந்துகிறவர், இன்றைக்குப் புதிதாகத் தண்டவாளம் போடச் சொல்வார் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அவர் சொல்லவில்லை. குறுகலான தெருவில் மாட்டிக்கொள்ளும் என்பவர் வேண்டாம் என்றும் சொல்லக்கூடும். அதையும் சொல்லவில்லை. பழையதைப் பற்றிய வருத்தம் ஒன்று, புதியதைப் பற்றிய யோசனை வேறொன்று. நாட் கிவன்.

இதே பத்தியில் ட்ரூ, ஃபால்ஸ் வந்தால் விடை மாறுமா?
*— கல்லூரி மாணவி, திருநெல்வேலி*

கேட்கிற வாக்கியம் மாறும், அதனால் விடையும் மாறும். "டிராம் நின்றதற்கு நஷ்டமே காரணம் என்று கருதுவோர் உண்டு" என்று கேட்டால் ட்ரூ. பலரும் அப்படி எழுதுகிறார்கள் என்பது பத்தி தருகிற தகவல். அவர்கள் எழுதுவது சரியா என்பதில் இங்கே யாருக்கும் கவலை இல்லை. முன்பு பார்த்ததில் 'பலருடைய' கருத்து உங்களைக் கவிழ்க்க வைத்த கண்ணி. இதில் அதுவே விடை.

பக்கத்து வீட்டு அக்கா வந்து, "உங்க மருமக சமையல் நல்லால்லன்னு நாலாவது வீட்டுல பேசிக்கிறாங்க" என்கிறார் என்று வையுங்கள். நாலாவது வீட்டில் அப்படிப் பேசுகிறார்களா என்றால் ட்ரூ. மருமகள் சமையலைப் பற்றி அக்காவின் கருத்து என்ன? நாட் கிவன். அவர் சாமர்த்தியசாலி.

இந்தியாவில் டிராம் முதலில் ஓடியது கொல்கத்தாவில்தான். இது எனக்கு நிச்சயமாகத் தெரியும். ட்ரூ போடலாமா?
*— பொறியாளர், சேலம்*

1873-இல் குதிரை இழுத்த டிராம் கொல்கத்தாவில் ஓடியது, நீங்கள் சொல்வது சரி. ஆனால் நம் பத்தி கொல்கத்தாவைப் பற்றி மூச்சு விடவில்லை. நாட் கிவன். உங்கள் பொது அறிவுக்குத் தேர்வாணையத் தேர்வில் நல்ல மரியாதை உண்டு. இங்கே அதைப் பையோடு வெளியிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

நோ எது, நாட் கிவன் எது என்று கடைசி வரை பிடிபடவே இல்லை சார். இரண்டிலும் "அவர் அப்படிச் சொல்லவில்லை" என்றுதானே வருகிறது?
*— ஐ.டி. ஊழியர், கோவை*

உங்கள் கேள்வியிலேயே நோய் இருக்கிறது. "அவர் அப்படிச் சொல்லவில்லை" என்பது நோ இல்லை. "அவர் அதற்கு மாறாகச் சொன்னார்" என்பதுதான் நோ. மாறாகச் சொன்ன இடத்தை விரல் வைத்துக் காட்ட முடிய வேண்டும். விரல் வைக்க இடம் கிடைக்காமல், "பொதுவாகப் பார்த்தால் அவர் தொனி அப்படித்தான்" என்று சமாதானம் சொல்லிக்கொண்டு நோ போடுகிறவர்கள் நாட் கிவனைக் கோட்டைவிட்டுப் போகிறார்கள்.

ஒரு சோதனை சொல்கிறேன். சந்தேகம் வந்தால், கொடுத்த வாக்கியத்தையும் பத்தியையும் ஒரே மனிதர் ஒரே மேடையில் பேசுவதாக நினைத்துப் பாருங்கள். கூச்சமில்லாமல் இரண்டையும் சேர்த்துப் பேச முடிந்தால் அது நோ ஆகாது. "ஒரு தடத்தையாவது விட்டுவைத்திருக்கலாம், சென்னையில் மறுபடியும் டிராம் விட வேண்டும்" என்று ஒருவர் தாராளமாகப் பேசலாம். ஆகவே நோ இல்லை. இப்போது வாக்கியத்தைத் தலைகீழாக்குங்கள். "ஒரு தடத்தையாவது விட்டுவைத்திருக்கலாம், ஆனால் இனிமேல் டிராம் வேண்டாம்" என்றும் தாராளமாகப் பேசலாம். ஆகவே யெஸ்ஸும் இல்லை. நேராகவும் தலைகீழாகவும் இரண்டுமே பொருந்தினால் நாட் கிவன்.

இதையே நெரிசல் வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள். "டிராம் இருந்தால் நெரிசல் இருக்காது என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. டிராம் இருந்தால் நெரிசல் இருக்காது." மேடையில் இப்படிப் பேசினால் கூட்டம் சிரிக்கும். கூட்டம் சிரித்தால் நோ.

சோதனைக்கு ஒரு எல்லையும் உண்டு. மணிக்கணக்கில் யோசித்தால் எந்த இரண்டு வாக்கியத்தையும் எப்படியாவது சேர்த்து வைத்துவிடலாம். வக்கீல் மூளை இருப்பவர்களுக்கு எல்லாமே நாட் கிவனாகத் தெரியத் தொடங்கும். சாதாரண வாசகர் படித்தவுடன் முரண் என்று சொல்லுவாரா என்பதே அளவு. அதற்கு மேல் நோண்டாதீர்கள்.

பஸ்ஸா டிராமா என்ற வரியை விட்டுவிட்டீர்களே! "டிராமைவிட பஸ் வசதியானது" என்று வந்தால்?
*— வாசகர், யாழ்ப்பாணம்*

கவனித்து வாசிக்கிறீர்கள். அந்த வரிக்காகத்தான் பத்தியையே எழுதினேன்.

பத்தியில் பஸ் இருக்கிறது, டிராம் இருக்கிறது, வசதி இருக்கிறது. தகவல் எதுவும் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆகவே நாட் கிவன் போடக் கை கூசுகிறது. ஒரு சாரார் பஸ் என்றார்கள் என்று பிடித்துக்கொண்டு யெஸ் போடுகிறவர்கள் உண்டு. இன்னொரு சாரார் டிராம் என்றார்கள் என்று நோ போடுகிறவர்களும் உண்டு. இருவருமே கட்டுரையாளரிடம் கேட்க மறந்துவிட்டார்கள். இரண்டு பக்கத்தையும் சொல்லிவிட்டு அவர் நடுவில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். அவர் என்ன நினைக்கிறார் என்று சொல்ல முடியாது. அதனால் நாட் கிவன்.

முதல் பதிலில் சொன்ன இரண்டு விளக்கங்களின் வேறுபாடு இங்கே வேலை செய்கிறது. கருத்துக் கேள்வியில் விஷயம் பத்தி நிறைய இருந்தும் நாட் கிவன் வரலாம், எழுதியவர் சாயவில்லை என்றால். இதையே தகவல் கேள்வியாக்கி, "எது வசதி என்பதில் மக்களிடம் ஒத்த கருத்து இருந்தது" என்று கேட்டால் ஃபால்ஸ். ஒரே வரி, இரண்டு கேள்வி. ஒன்றுக்கு விடை உண்டு, மற்றதற்கு இல்லை.

கட்டுரையாளர் மற்றவர்களின் கருத்தைச் சொல்லும்போது, அதை அவரும் ஏற்கிறாரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எப்போதும் 'உடன்பாடில்லை' என்று எழுதி வைக்க மாட்டார்களே.
*— ஆங்கில ஆசிரியை, தஞ்சாவூர்*

டீச்சர் கேட்கிற கேள்வி டீச்சர் கேள்வியாகத்தான் இருக்கிறது. வினைச்சொல்லைப் பாருங்கள். ஆங்கிலக் கட்டுரையில் ஒருவரைப் பற்றி 'க்ளெய்ம்' செய்கிறார், 'அஸ்யூம்' செய்கிறார் என்று எழுதினால், கட்டுரையாளர் இரண்டடி தள்ளி நிற்கிறார் என்று வையுங்கள். 'பாயின்ட் அவுட்', 'டெமான்ஸ்ட்ரேட்', 'ஷோ' என்று எழுதினால் பக்கத்தில் வந்து நின்று தோளில் கை போடுகிறார். 'சே', 'ஆர்க்யூ' போன்றவை நடுநிலை. தமிழிலும் இது உண்டே. 'சொல்லிக்கொள்கிறார்' என்றால் நமக்கு ஒரு நமுட்டுச் சிரிப்பு வருகிறது. 'சுட்டிக்காட்டுகிறார்' என்றால் மரியாதை வருகிறது.

வினைச்சொல் நடுநிலையாக இருந்தால் அடுத்த வாக்கியத்துக்குப் போங்கள். அங்கே 'ஹவெவர்', 'யெட்', 'பட்' என்று ஒன்று நிற்கும். நிற்காவிட்டால், அந்தக் கருத்தையே நம்பி அடுத்த வாதத்தைக் கட்டுகிறாரா என்று பாருங்கள். கட்டினால் ஏற்றுக்கொண்டார் என்று பொருள்.

மாணவர்களிடம் ஒன்றை அழுத்திச் சொல்லுங்கள்: 'அட்மிட்டட்லி', 'ஆஃப் கோர்ஸ்', 'இட் இஸ் ட்ரூ தட்' என்று தொடங்கும் வாக்கியம் பொய்யில்லை, ஆனால் அது முடிவும் இல்லை. நம் பத்தியில் 'நஷ்டம் ஏற்பட்டது உண்மைதான்' என்பது அந்த வகை. "டிராம் நிறுவனத்துக்கு நஷ்டம் ஏற்பட்டது" என்று யெஸ், நோவில் கேட்டால் யெஸ்தான், அவரே ஒப்புக்கொண்டாரே. 'ஆனால்' வந்துவிட்டது என்பதற்காக முன்னால் சொன்னதை எல்லாம் அழித்துவிடக் கூடாது. 'ஆனால்' அழிப்பதில்லை, பாரத்தை மறுபக்கம் மாற்றுகிறது.

நஷ்டம் ஏற்பட்டது என்பது தகவல் இல்லையா? தகவலை யெஸ், நோவில் எப்படிக் கேட்பார்கள்?
*— செவிலியரின் தங்கை, நாகர்கோவில்*

வீட்டில் எல்லோரும் படிக்கிறீர்கள், மகிழ்ச்சி. குறிப்பில் 'வியூஸ்' என்று இருக்கும், சில சமயம் 'க்ளெய்ம்ஸ்' என்று இருக்கும். ஒருவர் உண்மை என்று அடித்துச் சொல்வதும் அவருடைய வாதத்தின் பகுதிதான். ஆகவே தகவல் போலத் தெரிகிற வாக்கியம் வந்தால் பயப்படாதீர்கள். எழுதியவர் தன் குரலில் சொன்னாரா என்று மட்டும் பாருங்கள்.

'ஒன்லி', 'ஆல்', 'நெவர்' இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு நோ போடலாம் என்கிறார் நண்பர்.
*— வாசகர், ஈரோடு*

கண்ணைத் திறந்து போடச் சொல்லுங்கள். அந்தச் சொற்கள் நோ அல்ல, 'நின்று பார்' என்ற பலகை. எழுதியவரும் 'ஒன்லி' என்றே சொல்லியிருந்தால் யெஸ்தான். பத்தியில் 'மே', 'சம்' என்று தயங்கியிருக்க, கேள்வி 'வில்', 'மோஸ்ட்' என்று துணிந்தால் அங்கே கவனம் வேண்டும். அப்போதும் விடை எப்போதும் நோ ஆகிவிடாது. 'சிலர் டிராமை விரும்பினார்கள்' என்று மட்டும் பத்தி சொல்ல, 'பெரும்பாலோர் விரும்பினார்கள்' என்று கேட்டால், பெரும்பாலோர் என்ன விரும்பினார்கள் என்பதே தெரியாது. நாட் கிவன்.

விடைத்தாளில் யெஸ்ஸுக்குப் பதில் ட்ரூ என்று எழுதிவிட்டால்?
*— வாசகி, வேலூர்*

கேட்ட சொல்லையே எழுதுங்கள். `YES` கேட்டால் `YES`, `TRUE` கேட்டால் `TRUE`. கணினியில் எழுதுகிறவர்களுக்குத் தெரிவுகள் திரையிலேயே வந்துவிடும், தொல்லை இல்லை. பேப்பரில் எழுதுகிறவர்கள், ரீடிங்கில் விடையைப் படியெடுக்கத் தனியாக நேரம் தருவதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். கொடுத்த 60 நிமிடத்துக்குள் படிப்பதும் எழுதுவதும் முடிய வேண்டும்.

60 நிமிடம், 40 கேள்வி. இந்த ஒரு வகையிலேயே பாதி நேரம் போய்விடுகிறது. என்ன செய்வது?
*— மருந்தாளுநர், திருச்சி*

நாட் கிவனைத் தேடுகிறீர்கள், அதனால்தான். இல்லாததைத் தேடினால் கிடைக்கிற வரை தேட வேண்டியதுதான்!

இந்த வகைக் கேள்விகள் பத்தியின் வரிசையிலேயே வரும். மூன்றாவதற்கும் ஐந்தாவதற்கும் இடம் கிடைத்துவிட்டால், நான்காவதற்குரிய விஷயம் அவற்றுக்கு நடுவில்தான் இருந்தாக வேண்டும். அந்த இடைவெளியை மட்டும் ஒரு முறை நிதானமாகப் படியுங்கள். விஷயமே இல்லை என்றாலும், விஷயம் இருந்து எழுதியவரின் சாய்வு தெரியவில்லை என்றாலும், நாட் கிவன் போட்டுவிட்டு நகருங்கள். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. எதையும் வெறுமையாக விடாதீர்கள்.

இன்னொன்று. அகடமிக் தேர்வின் மூன்று பத்திகளில் ஒன்றாவது வாதம் செய்கிற கட்டுரையாக இருக்கும். யெஸ், நோ பெரும்பாலும் அதோடுதான் ஒட்டிக்கொண்டு வரும். அதைத் தொடும்போது ஓரத்தில் ஒரு கோடு போட்டு, எந்த வாக்கியம் யாருடையது என்று குறித்துக்கொண்டே படியுங்கள். எழுதியவருடையது என்றால் ஒரு புள்ளி, மற்றவருடையது என்றால் ஒரு பெருக்கல் குறி. கேள்விக்கு வரும்போது பாதி விடை ஓரத்திலேயே நிற்கும். அகடமிக்கில் ஏழு பேண்டுக்குச் சுமாராக 30 சரியான விடை வேண்டும். அந்த 30-க்கும் 27-க்கும் நடுவில் நிற்பது பல சமயம் இந்த மாதிரி மூன்று கேள்விதான்.

எங்களுக்கும் ஒரு கேள்வி கொடுங்கள், பார்ப்போம்.
*— வாசகர் வட்டம், கும்பகோணம்*

அதே டிராம் பத்தி, யெஸ், நோ, நாட் கிவன் வகை: "டிராம் நின்ற காரணத்தை எழுதுகிறவர்கள் நஷ்டத்துக்கு அளவுக்கு மீறிய முக்கியத்துவம் தருகிறார்கள்." விடையை மட்டும் எழுதி அனுப்பாதீர்கள். எந்த வாக்கியத்தின் மேல் விரல் வைத்தீர்கள், அது யாருடைய குரல் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். விரல் இல்லாத விடைகளை நான் படிக்க மாட்டேன்.